ஆறாம் வகுப்புச் சமச்சீர்க் கோடு: செய்முறைத் தேர்வுக்குப் பாடத்திட்ட அமைப்பும் துணைக்கருவிக் குறிப்பும்

காரைக்குடி பி.எட். மாணவி | பிப்ரவரி 9, இரவு 9.10

இரண்டாம் ஆண்டு, கணக்கு. பிராக்டிகல் பக்கத்தில் வந்துவிட்டது. எனக்குக் கிடைத்திருப்பது ஆறாம் வகுப்பு, சமச்சீர்க் கோடு. சீனியர் அக்காக்களிடம் ரெக்கார்டு வாங்கிப் பார்த்தேன். ஒருவர் நான்கு கட்டம் போட்டிருக்கிறார், இன்னொருவர் ஆறு கட்டம். ஒருவர் நோக்கங்களை முதல் பக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டார், இன்னொருவர் ஒவ்வொரு வரிசையிலும் எழுதியிருக்கிறார். எது சரி?

சார்ட் நன்றாக இருந்தாலே பாதி மார்க் என்கிறார்கள். ஆத்தங்குடி டைல்ஸ் டிசைனைப் பெரிதாக வரைந்து வண்ணம் தீட்டப் போகிறேன். நோக்கம் இப்போதைக்கு இப்படி: "மாணவர்கள் சமச்சீர் பற்றி அறிந்துகொள்வர்." இது போதுமா?

தேவகோட்டை கணக்கு டீச்சர் | பிப்ரவரி 9, இரவு 10.25

கட்டம் நான்கா ஆறா என்று அலைய வேண்டாம். உங்கள் கல்லூரி எதைக் கொடுத்ததோ அதுதான் உங்களுக்கு. கரும்பலகைப் பணிக்குத் தனிக்கட்டம் கேட்கிற கல்லூரியும் உண்டு, ஆசிரியர் செயலோடு சேர்த்து எழுதச் சொல்கிற கல்லூரியும் உண்டு. தேர்வுக்கு வருகிறவர்கள் அதற்காக மார்க் குறைத்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் பார்ப்பது வேறு. ரெக்கார்டைத் திறந்து ஏதோ ஒரு வரிசையில் விரலை வைப்பார்கள். இடமிருந்து வலமாகப் போவார்கள். இந்த நோக்கத்துக்கு இந்தச் செயலா, இந்தச் செயலுக்கு இந்தத் துணைக்கருவியா, கடைசியில் கேட்கிற கேள்வி அந்த நோக்கத்தைத்தான் சோதிக்கிறதா? எங்கே அறுந்துபோகிறதோ அங்கேதான் கேள்வி விழும்.

"அறிந்துகொள்வர்" என்று எழுதினால் விரல் முதல் கட்டத்திலேயே நின்றுவிடும். குழந்தை அறிந்துகொண்டதை எப்படிப் பார்ப்பீர்கள்? மடித்துக் காட்டுவர், வரைவர், எண்ணிச் சொல்வர், காரணம் கூறுவர் என்று கண்ணுக்கும் காதுக்கும் அகப்படுகிற வினைகளாக எழுதுங்கள்.

சார்ட்டைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

கோட்டையூர் அண்ணன் | பிப்ரவரி 10, காலை 7.05

டீச்சர் சொல்வது சரிதான். ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். புளூம் சொன்ன மூன்று களமும் ஒவ்வொரு பாடத்திலும் கண்டிப்பாக வரணும். அறிதல், புரிதல், பயன்படுத்தல், திறன், ஆர்வம், மனப்பான்மை, ஆறு தலைப்பும் எழுதணும். ஒன்று குறைந்தாலும் மார்க் போய்விடும். நான் படித்தபோது அப்படித்தான்.

புதுவயல் டி.எல்.எட். தம்பி | பிப்ரவரி 10, காலை 8.30

நுண்ணிலைக் கற்பித்தலுக்கும் இதே அமைப்புத்தானா? வினா கேட்கும் திறனுக்கு நான் 40 நிமிடத்துக்குப் பிளான் எழுதிவிட்டேன்.

தேவகோட்டை கணக்கு டீச்சர் | பிப்ரவரி 10, பகல் 1.15

தம்பி, அது தனி. நுண்ணிலையில் ஒரே ஒரு திறன், 6 நிமிடம் போல. கற்பித்து, பின்னூட்டம் கேட்டு, பிளானைத் திருத்தி, மறுபடி கற்பிக்கிற சுற்று அது. அங்கே பாடம் முடிய வேண்டியதில்லை, திறன் தெரிந்தால் போதும். 40 நிமிடப் பிளானை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், முழுப் பாடத்துக்கு உதவும். நுண்ணிலைக்கு அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுங்கள்.

கோட்டையூர் அண்ணன் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். கல்லூரி கொடுத்த படிவத்தில் அந்தத் தலைப்புகள் அச்சாகியிருந்தால் வெறுமையாக விடக்கூடாது. ஆனால் புளூம் குழு 1956-இல் வெளியிட்டது அறிதல் களத்தின் படிநிலைகளை. ஒரு பீரியடுக்குள் எல்லாப் படியும் ஏற வேண்டும் என்று அதில் இல்லை. 2001 திருத்தத்தில் அந்தப் படிகளின் பெயர்களே வினைகளாக மாறின: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல் என்று. குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான் அதுவும் கேட்கிறது. ஆறு நோக்கம் எழுதினால் ஆறுக்கும் மதிப்பீட்டுக் கேள்வி வேண்டும், ஆறுக்கும் நேரம் வேண்டும். "கணக்கில் ஆர்வம் கொள்வர்" என்று எழுதிவிட்டு அதற்கு எதிரே எந்தக் கேள்வியை வைப்பீர்கள்?

தேவகோட்டை கணக்கு டீச்சர் | பிப்ரவரி 10, இரவு 9.50

பாப்பா, உங்கள் தலைப்புக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். அமைப்பை எடுத்துக்கொண்டு வாக்கியங்களை உங்கள் வாயில் வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

பாடம்: கணக்கு. வகுப்பு: 6. அலகு: சமச்சீர்த்தன்மை. தலைப்பு: சமச்சீர்க் கோடு. நேரம்: 40 நிமிடம்.

நோக்கங்கள்:
1. தாளில் வெட்டிய உருவத்தை மடித்து, இரு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கோட்டைக் காட்டுவர்.
2. சதுரத்தின் சமச்சீர்க் கோடுகள் அனைத்தையும் வரைந்து எண்ணிக்கை கூறுவர்.
3. செவ்வகத்தின் மூலைவிட்டம் ஏன் சமச்சீர்க் கோடு ஆகாது என்பதற்குக் காரணம் கூறுவர்.

முன்னறிவு: சதுரம், செவ்வகம், மூலைவிட்டம். "மூலைவிட்டம் எது, கையை ஓட்டிக் காட்டு" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

துணைக்கருவிகள்: ஆளுக்கு ஒரு சதுரத் தாள், ஒரு செவ்வகத் தாள், குழுவுக்கு ஒரு சமதளக் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல்லின் பூ டிசைன் வரைந்த பூக்கல் அட்டைகள் நான்கு.

ஆர்வமூட்டல், 4 நிமிடம்: ஒரு பூக்கல் அட்டை மட்டும். "இதில் பாதியை மறைத்தால் மீதியை நீங்களே வரைந்துவிட முடியுமா? எந்தப் பாதியை மறைக்கலாம்?" இதிலிருந்து தலைப்பை அறிவித்தல்.

பாட வளர்ச்சி, 24 நிமிடம்: முதல் படி மடித்துப் பார்த்தல், 7 நிமிடம், நோக்கம் 1. இரண்டாம் படி சதுரம், 7 நிமிடம், நோக்கம் 2. மூன்றாம் படி செவ்வகம், 10 நிமிடம், நோக்கம் 3.

தொகுத்தல், 4 நிமிடம்: கரும்பலகையில் இருப்பதை வைத்து மாணவர்களே சொல்ல வேண்டும்.

மதிப்பீடு, 6 நிமிடம்: நோக்கத்துக்கு ஒன்றாக மூன்று கேள்வி. நோக்க எண்ணை ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

வீட்டுப்பாடம், 2 நிமிடம்: வீட்டில் தரை, கதவு, சன்னல் கம்பி, எதிலாவது ஒரு டிசைனை வரைந்து சமச்சீர்க் கோடு போட்டு வரவும்.

மூன்றாம் படியின் வரிசையை மட்டும் முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பாடப்பொருள்: செவ்வகத்துக்குச் சமச்சீர்க் கோடுகள் இரண்டு மட்டுமே.

ஆசிரியர் செயல்: செவ்வகத் தாளைக் கொடுக்கும் முன் கேட்கிறார், "சதுரத்துக்கு மூலைவிட்டம் வந்தது. செவ்வகத்துக்கும் வருமா? வரும் என்பவர்கள் கை தூக்குங்கள்." எண்ணிக்கையைக் கரும்பலகை மூலையில் எழுதுகிறார். பிறகு மடிக்கச் சொல்கிறார். அடுத்து மூலைவிட்டத்தின்மேல் கண்ணாடியை நிறுத்தச் சொல்கிறார்.

மாணவர் செயல்: மூலைவிட்டத்தில் மடிக்கின்றனர், இரண்டு மூலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கின்றனர். கண்ணாடியில் செவ்வகத்துக்குப் பதிலாகப் பட்டம் போன்ற உருவம் தெரிவதைக் கூறுகின்றனர்.

கரும்பலகை: செவ்வகம், இரண்டு புள்ளிக்கோடுகள், மூலைவிட்டத்தின்மேல் ஒரு பெருக்கல் குறி.

மதிப்பீடு: "மூலைவிட்டம் செவ்வகத்தை இரண்டு சமமான முக்கோணங்களாகத்தானே பிரிக்கிறது? பிறகு ஏன் அது சமச்சீர்க் கோடு இல்லை?"

காரைக்குடி பி.எட். மாணவி | பிப்ரவரி 11, காலை 6.20

அக்கா, அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கே பதில் சட்டென்று வரவில்லை. வெட்டிப் பார்த்தேன். இரண்டு முக்கோணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ஒன்றைச் சுற்றித் திருப்பி வைத்தால்தான் பொருந்துகிறது, மடித்தால் பொருந்தவில்லை.

தேவகோட்டை கணக்கு டீச்சர் | பிப்ரவரி 11, பகல் 1.00

அதுதான் பதில். குழந்தைகள் "இரண்டு பாதியும் சமம், அதனால் சமச்சீர்" என்று சொல்வார்கள். சமமாக இருப்பது பாதி நிபந்தனைதான். கோட்டில் மடித்தபோது அந்த இடத்திலேயே பொருந்த வேண்டும். இந்தக் குழப்பம் வகுப்பில் கட்டாயம் வரும், எட்டாம் வகுப்பு வரைக்கும் வரும். அதனால்தான் சதுரத்தை முதலிலும் செவ்வகத்தை அடுத்தும் வைத்தேன். சதுரத்தில் மூலைவிட்டம் பொருந்திய சூட்டோடு செவ்வகத்துக்கும் வரும் என்று பெரும்பாலானவர்கள் கை தூக்குவார்கள். கை தூக்கிய பிறகு தாள் பொருந்தாமல் போனால் அது மனதில் நிற்கும். வரிசையை மாற்றிச் செவ்வகத்தை முதலில் வைத்தால் இந்த இடம் கிடைக்காது.

வெட்டிச் சுற்றிப் பார்த்தீர்களே, அதையும் மூன்றாம் படியில் கடைசி இரண்டு நிமிடமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வாளர் அந்த நேரத்தில் வகுப்புக்குள் இருந்தால் உங்களுக்கு நல்லது. முழுப் பீரியடும் உட்கார மாட்டார்கள். வந்து சில நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள், அதனால் எந்த நிமிடத்தில் வந்தாலும் குழந்தைகள் கையில் ஏதாவது வேலை இருக்கட்டும்.

பள்ளத்தூர் அக்கா | பிப்ரவரி 11, மாலை 5.40

நான் பி.எட். படித்தபோது இதே பாடத்துக்குக் கோலம் கொண்டுபோனேன். மார்கழியில் ஆச்சி வாசலில் போடுகிற சிக்குக் கோலம், பார்த்தால் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். சார்ட்டில் வரைந்து மாட்டி, "இதற்குச் சமச்சீர்க் கோடு போடுங்கள்" என்றேன். பிள்ளைகள் நடுவில் கோடு போட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த மேடம், கண்ணாடியை வைத்துக் காட்டச் சொன்னார். வைத்தால் கோலமே மாறிவிட்டது! இழை இடதுபக்கம் மேலாகப் போனால் வலதுபக்கம் கீழாகப் போகிறது. எனக்கு அப்போது ஏன் என்று புரியவில்லை.

தேவகோட்டை கணக்கு டீச்சர் | பிப்ரவரி 11, இரவு 9.15

பள்ளத்தூர் அக்கா போட்டது சுழல் சமச்சீர் உள்ள கோலம். கால் சுற்றுச் சுற்றினால் அப்படியே இருக்கும், கண்ணாடியில் மட்டும் வேறாகத் தெரியும். எல்லாச் சிக்குக் கோலமும் அப்படி இல்லை, இரண்டும் உள்ளவையும் உண்டு. அதனால் கோலமோ டைல்ஸோ, எதுவானாலும் முதலில் வீட்டில் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். சுழல் சமச்சீர்ப் பாடத்துக்கு அந்தக் கோலத்தைவிட நல்ல துணைக்கருவி கிடையாது.

இப்போது ஆத்தங்குடிக் கல். பாப்பா, நீங்கள் வரையப்போகிற டிசைன் எது என்று பாருங்கள். நம் ஊர் வளவில் பதித்திருக்கிற கற்களில் பல, தனிக்கல்லில் பூ முழுதாக இருக்காது. ஒரு மூலையில் கால் பூ மட்டும் இருக்கும், நான்கு கல் சேர்ந்தால்தான் முழுப்பூ. அந்தத் தனிக்கல்லை மட்டும் காட்டி "எத்தனை சமச்சீர்க் கோடு?" என்று கேட்டால் ஒரு பிள்ளை நான்கு என்பான், ஒரு பிள்ளை ஒன்று என்பாள். கல்லின் வடிவம் சதுரம், அதற்கு நான்கு. டிசைனையும் சேர்த்தால் பூ இருக்கிற மூலை வழியாகப் போகும் மூலைவிட்டம் ஒன்றுதான். இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். கேள்விதான் தெளிவாக இல்லை. "டிசைனோடு சேர்த்துப் பார்த்தால்" என்ற சொல்லைக் கேள்வியில் எழுதிவையுங்கள்.

அதனால்தான் ஒரே பெரிய சார்ட் வேண்டாம், நான்கு தனி அட்டைகள் என்று எழுதினேன். ஒன்றை ஒட்டும்போது ஒரு கோடு. நான்கையும் சேர்த்து ஒட்டியதும் நின்றது, படுத்தது, சாய்ந்தது இரண்டு என நான்கு கோடு. பிள்ளைகள் கண்முன் ஒன்று நான்காகிறது. பெரிய சார்ட்டில் இது நடக்காது. வண்ணத்தையும் கவனியுங்கள். நான்கு அட்டையிலும் ஒரே வண்ணம் அதே இடத்தில் இருக்க வேண்டும், ஓர் இதழ் மட்டும் பச்சையானாலும் கணக்கு மாறிவிடும்.

கோட்டையூர் அண்ணன் | பிப்ரவரி 12, காலை 7.20

நிஜக் கல்லையே கொண்டுபோகலாமே? ஆத்தங்குடியில் பட்டறைக்காரரிடம் கேட்டால் உடைசல் கொடுப்பார்கள். நிஜப் பொருளுக்கு எப்போதும் மதிப்பு அதிகம். இல்லையென்றால் ஸ்மார்ட் போர்டில் படத்தைச் சுற்றிக் காட்டலாம், இப்போது அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

தேவகோட்டை கணக்கு டீச்சர் | பிப்ரவரி 12, பகல் 12.50

எட்டங்குலக் கல் ஒன்றே இரண்டு கிலோ கிட்ட வரும். நான்கைத் தூக்கிச் சுவரில் ஒட்ட முடியாது, தரையில் வைத்தால் முன்வரிசைக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கல் கொண்டுபோய் ஆர்வமூட்டலில் கைமாற்றிப் பார்க்கக் கொடுங்கள், அது நல்லது. கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பதால்தான் மேல்பக்கம் இப்படி வழவழப்பாக இருக்கிறது என்று ஒரு வரி சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம். பாடம் டைல்ஸ் செய்வதில்லை.

ஸ்மார்ட் போர்டில் படம் மடிவதைப் பிள்ளை பார்க்கும், மடிக்காது. நோக்கம் 1 "மடித்துக் காட்டுவர்" என்றால் தாள் பிள்ளை கையில் இருந்தாக வேண்டும்.

கோட்டையூர் அண்ணன் | பிப்ரவரி 12, மாலை 6.10

இதில் நான் உடன்படவில்லை. சுழற்றுவது, பெரிதாக்குவதெல்லாம் தாளில் வராது. தேர்வாளரைப் பொறுத்தது.

காரைக்குடி பி.எட். மாணவி | பிப்ரவரி 12, இரவு 8.45

துணைக்கருவிப் பதிவேட்டில் என்ன எழுதுவது? படம் ஒட்டி, பெயர் எழுதி, "பயன்: பாடத்தை எளிதில் புரியவைக்கும்" என்று சீனியர் ரெக்கார்டில் இருக்கிறது.

தேவகோட்டை கணக்கு டீச்சர் | பிப்ரவரி 12, இரவு 10.30

அந்தப் பயன் எந்தச் சார்ட்டுக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது. கண்ணாடிக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

கருவி: கோட்டுக் கண்ணாடி. பொருள்: படச் சட்டம் போடும் கடையில் வெட்டி வாங்கிய கண்ணாடித் துண்டு, நான்குக்கு ஆறு அங்குலம். விளிம்பு நான்கிலும் துணி டேப் ஒட்டியது. பின்னால் நிற்பதற்கு மரக்கட்டை. பயன்படும் இடம்: பாட வளர்ச்சி மூன்றாம் படி. அப்போது கேட்கும் கேள்வி: "கண்ணாடியில் சேர்த்துப் பார்த்தால் செவ்வகம் தெரிகிறதா?" எதிர்பார்க்கும் விடை: தெரியவில்லை, பட்டம் போலத் தெரிகிறது. கவனம்: கண்ணாடி சாய்ந்தால் உருவம் நெளியும், செங்குத்தாகப் பிடிக்கச் சொல்ல வேண்டும். வேறு எங்கே பயன்படும்: முக்கோணம், இணைகரம், எழுத்துகள்.

கேள்வியும் எதிர்பார்க்கும் விடையும் இருந்தாலே கருவி எதற்கு வந்தது என்று தெரிந்துவிடும். பரிசுப் பொட்டலம் கட்டுகிற வெள்ளித் தாளைக் கண்ணாடிக்குப் பதில் ஒட்டாதீர்கள். சுருங்கி, பிம்பம் நெளிந்து, செவ்வகத்தின் நடுக்கோட்டில் வைத்தாலும் வேறு உருவம் மாதிரிக் காட்டும். அப்புறம் பாடமே கெட்டுவிடும்.

பூக்கல் அட்டையில் எழுத்து ஏதும் வேண்டாம். சார்ட்டில் எழுதியே ஆக வேண்டும் என்றால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நீங்களே படித்துப் பாருங்கள், ஓர் அங்குல உயரத்துக்குக் குறைந்தால் தெரியாது. மஞ்சள் ஸ்கெட்ச் வெள்ளைச் சார்ட்டில் காணாமலே போகும். வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் மாட்டிவிடவும் வேண்டாம். அட்டை ஆர்வமூட்டலில் ஒன்று வெளியே வரும், மீதி மூன்றும் தொகுத்தலின்போதுதான்.

காரைக்குடி பி.எட். மாணவி | பிப்ரவரி 13, மாலை 7.15

தம்பியை வைத்து வீட்டில் செய்து பார்த்தேன், அவன் ஆறாம் வகுப்புத்தான். செவ்வகத்தில் கை தூக்கிவிட்டு, மடித்துப் பார்த்து, "தாள் சரியில்லை, வேறு கொடு" என்றான். வேறு தாளிலும் பொருந்தாததும் கோபம் வந்துவிட்டது. மூன்றாம் படிக்குப் பத்து நிமிடம் போதாது என்று நினைக்கிறேன். மடித்த கோடும் தெளிவாகத் தெரியவில்லை.

தேவகோட்டை கணக்கு டீச்சர் | பிப்ரவரி 13, இரவு 9.40

அப்படியென்றால் முதல் படியை 5 நிமிடமாக்கி மூன்றாவதற்கு 12 கொடுங்கள். மடித்ததும் நகத்தால் நீவி, கோட்டின்மேல் பென்சிலால் புள்ளிக்கோடு போடச் சொல்லுங்கள். தாள் முன்னாலேயே வெட்டித் தயாராக இருக்கட்டும். ஏ4 தாளின் ஒரு மூலையை எதிர்ப் பக்கத்துக்கு மடித்து, மிஞ்சிய பட்டையை வெட்டினால் சதுரம் வந்துவிடும், அளக்கவே வேண்டாம். வகுப்பில் வெட்ட விட்டால் பாதி நேரம் அதிலேயே போகும். "தாள் சரியில்லை" என்று அவன் சொன்னதை மாணவர் செயல் கட்டத்தில் எதிர்பார்க்கும் விடையாகவே எழுதிவிடுங்கள். வகுப்பிலும் யாராவது சொல்வார்கள்.

குன்றக்குடி தமிழாசிரியர் | பிப்ரவரி 14, காலை 10.00

இழை முழுதும் படித்தேன். எங்கள் பயிற்சி ஆசிரியர்கள் செய்யுள் பாடத்துக்கு "நயம் பாராட்டுவர்" என்றுதான் காலம் காலமாக எழுதுகிறார்கள். மடித்துக் காட்டுவது மாதிரி எங்களுக்கு ஒன்று இல்லையே. "எதுகைச் சொற்களை அடிக்கோடிடுவர்" என்று மாற்றினால் அளக்கலாம், ஆனால் அது நயமா?

தேவகோட்டை கணக்கு டீச்சர் | பிப்ரவரி 14, மாலை 6.30

ஐயா, அடிக்கோடிடுவது நயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். "தமக்குப் பிடித்த ஓர் அடியைத் தேர்ந்து, பிடித்த காரணத்தைச் செய்யுளில் உள்ள சொல்லைச் சுட்டிக் கூறுவர்" என்று எழுதினால்? பிள்ளை சொல்வதைக் கேட்கலாம், சொல்லைச் சுட்டியதா என்று பார்க்கலாம்.

குன்றக்குடி தமிழாசிரியர் | பிப்ரவரி 14, இரவு 8.20

முன்னதைவிட இது மேல். ஆனால் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், நான்கு பேரைக் கேட்பதற்குள் மணி அடித்துவிடும். மற்ற முப்பத்தாறு பேருக்கு மதிப்பீட்டுக் கட்டத்தில் என்ன எழுதுவது? எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறார்கள். தமிழ் விருப்பப் பாடம் எடுத்தவர்கள் யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.